பணம் கேட்கும் கடிதத்தில் எதை இறுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது

கேள்வி: அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் செய்து தரும் சிறிய நிறுவனம் என்னுடையது. பல ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஒரு நிறுவனம், 30 நாள் தவணை கடந்தும் இரண்டு பில்களுக்குப் பணம் தரவில்லை. மூன்று முறை ‘அன்பான நினைவூட்டல்’ அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை. கடுமையாக எழுதினால் வாடிக்கையாளரை இழந்துவிடுவேனோ என்று பயம், எழுதாவிட்டால் பணம் வராதோ என்று பயம். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்:

நீங்கள் அனுப்பிய மூன்று நினைவூட்டல்களும் அநேகமாக ஒரே கடிதம்தான். தேதி மட்டும் மாறியிருக்கும். முதல் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தபோது அவர்களுக்கு எந்த இடைஞ்சலும் வரவில்லை, இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது கடிதம் வந்தபோது அதைத் திறக்காமலே ஒதுக்கலாம் என்று அந்த அலுவலகம் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது நீங்கள்தான், அதுவும் அன்பாக.

கறாராக எழுதுவது என்றால் சொற்களைச் சூடாக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மாற வேண்டியது வேறு. ஒவ்வொரு படியிலும், முந்தைய கடிதத்தில் இல்லாத ஒன்று புதிதாக இருக்க வேண்டும். அது ஒரு கேள்வியாக இருக்கலாம், ஒரு தேதியாக இருக்கலாம், கடிதத்தைப் பெறும் புதிய ஆளாக இருக்கலாம், பணம் வராவிட்டால் நீங்கள் எடுக்கப்போகும் நடவடிக்கையாக இருக்கலாம். மரியாதையின் அளவு மட்டும் முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கடிதம் வரை ஒன்றாகவே இருக்கட்டும். கறாராகக் கேட்டதற்காக யாரும் வியாபார உறவை முறித்துக்கொள்வது அரிது. எதிர்பாராமல் நடவடிக்கை எடுத்தால் முறிகிறது, நாலு பேர் முன்னால் கேட்டால் முறிகிறது, தவறான கணக்கை வைத்துக்கொண்டு குற்றம் சாட்டினால் நிச்சயம் முறிகிறது.

அதனால் அடுத்த கடிதத்துக்கு முன் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் எந்தப் பில்லுக்கு என்று தெரியாமல் வரவு வைக்கப்படாத தொகை ஏதாவது கிடக்கிறதா? சேதமான பெட்டிகளுக்குக் கிரெடிட் நோட்டு தருவதாக உங்கள் விற்பனை ஆள் வாய் வார்த்தையாகச் சொல்லி, அது கணக்கில் ஏறாமல் இருக்கிறதா? பில்லில் அவர்களுடைய கொள்முதல் ஆணை எண் சரியாக இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓரளவு பெரிய நிறுவனங்களில் பணம் வெளியே போவதற்கு முன் மூன்று காகிதங்கள் ஒத்துப்போக வேண்டும்: அவர்கள் தந்த கொள்முதல் ஆணை, கிடங்கில் சரக்கு பெற்றதற்கான சீட்டு, உங்கள் பில். எண்ணிக்கையிலோ விலையிலோ சிறு வேறுபாடு இருந்தாலும் பில் கணினியில் நின்றுவிடும். நின்றுவிட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் கொள்முதல் பிரிவு சரிசெய்யும் என்று காத்திருப்பார், கொள்முதல் பிரிவுக்கு அப்படி ஒரு பில் நிற்பதே தெரியாது. இழுத்தடிப்பு என்று நாம் கோபப்படும் பல பாக்கிகளின் கதை இவ்வளவுதான். இந்த நிலையில் நீங்கள் எத்தனை கடுமையாக எழுதினாலும் பில் நகராது, மனக்கசப்பு மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று: உங்கள் உறவு யாரோடு இருக்கிறது, பணம் தருவது யார் என்பதைப் பிரித்துப் பாருங்கள். பெட்டி வாங்க முடிவெடுப்பவர் கொள்முதல் மேலாளர். அவரோடுதான் உங்களுக்குப் பழக்கம். பணத்தை விடுவிப்பது கணக்குப் பிரிவு. உங்கள் பில்லுக்கு எப்போதோ பணம் போய்விட்டது என்று அந்த மேலாளர் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே முதல் இரண்டு படிகள் கணக்குப் பிரிவோடு முடியட்டும். மேலாளரிடம் போவது அதற்குப் பிந்தைய படி. அதை முதலிலேயே செலவழித்துவிட்டால் பிறகு ஏறுவதற்குப் படி இருக்காது.

இனி ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பில் எண் 214, ஜூன் 3 தேதியிட்டது, தொகை 1,86,000, கெடு ஜூலை 3. பில் எண் 231, ஜூன் 20 தேதியிட்டது, தொகை 94,000, கெடு ஜூலை 20. இன்று ஜூலை 28 என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பாக்கி 2,80,000.

முதல் கடிதம் கணக்குப் பிரிவில் பெயர் தெரிந்த ஒருவருக்குப் போக வேண்டும். பொது முகவரிக்குப் போகும் கடிதம் யாருடைய வேலையும் அல்ல. இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் கணக்கில் கெடு கடந்த இரண்டு பில்கள் உள்ளன: எண் 214 (1,86,000, கெடு ஜூலை 3), எண் 231 (94,000, கெடு ஜூலை 20). இரண்டின் நகலையும் கணக்குப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். இவை எந்தத் தேதிப் பணப்பட்டுவாடாவில் சேர்க்கப்பட்டுள்ளன என்று தெரிவிக்க வேண்டுகிறேன். ஏதேனும் காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், எங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியதை உடனே செய்கிறோம். வியாழக்கிழமை காலை தொலைபேசியில் அழைக்கிறேன்.”

இதில் ஒரு வார்த்தைகூடக் கடுமை இல்லை. ஆனால் உங்கள் பழைய நினைவூட்டலைவிட இது பல மடங்கு இறுக்கமானது. பழைய கடிதம் ஒரு வேண்டுகோள், அதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. இது ஒரு கேள்வி, பதில் ஒரு தேதியாகத்தான் இருக்க முடியும். பல நிறுவனங்கள் நினைத்த நாளில் பணம் அனுப்புவதில்லை. வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ ஒரு குறிப்பிட்ட நாளில் பட்டியல் போட்டு மொத்தமாக அனுப்புவார்கள், அதற்குச் சில நாள் முன்பே பட்டியல் மூடப்படும். அந்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் உங்கள் நினைவூட்டல்களைப் பட்டியல் மூடுவதற்கு முன் போய்ச் சேருமாறு அனுப்பலாம். மூடிய மறுநாள் அனுப்பும் கடிதம் எத்தனை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அடுத்த பட்டியல் வரை தூங்கும்.

விட்டுவிட வேண்டிய சொற்கள் சில உண்டு. “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” வேண்டாம், தொந்தரவு உங்களுக்குத்தான். “ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்” என்ற வரி, கெடுவுக்கு மறுநாள் போகும் நினைவூட்டலில் பொருந்தும். மூன்று வாரம் கடந்த பில்லில் அந்த வரி இருந்தால், உங்கள் கணக்கை நீங்களே பார்க்கவில்லை என்று அர்த்தம். “விரைவில்”, “கூடிய சீக்கிரம்” போன்றவையும் வேண்டாம். தேதி இல்லாத வேண்டுகோளுக்குத் தேதி இல்லாத பதில்தான் வரும்.

அழைக்கிறேன் என்று எழுதிய வியாழக்கிழமை காலை அழைத்தே ஆக வேண்டும். சொன்னதைச் செய்பவர் என்ற பெயர் சம்பாதிப்பதற்கு இது முதல் வாய்ப்பு, பின்னால் பெரிய படிகளில் அந்தப் பெயர்தான் உங்களுக்கு உதவும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“சார், பார்த்துச் சொல்கிறேன்.”

“நல்லது. 214 அனுமதி ஆகிவிட்டதா என்று மட்டும் இப்போதே திரையில் பார்க்க முடியுமா? நான் காத்திருக்கிறேன்.”

கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். அந்தச் சில வினாடி அமைதி சங்கடமாக இருக்கும். அதை நிரப்ப நீங்களே “பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து பாக்கி கேட்டு அழைப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், எதிரில் இருப்பவர் கேட்காத அவகாசத்தைத் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள்.

நம் எடுத்துக்காட்டில், திரையைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு விஷயம் சொல்கிறார். 214 அனுமதி ஆகிவிட்டது, ஆகஸ்ட் 7 பட்டியலில் போகும். 231 நிற்கிறது, கிடங்குக் கணக்கில் பெட்டிகள் குறைவாகப் பதிவாகியிருக்கின்றன, வேறுபாடு 12,000. மூன்று நினைவூட்டல்களிலும் வெளிவராத தகவல் ஒரே ஒரு கேள்வியில் வந்துவிட்டது.

இங்கே செய்ய வேண்டியது தகராறையும் தாமதத்தையும் பிரிப்பது. 12,000 பற்றி இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும், அது நியாயமான விஷயம். ஆனால் அதற்காக 94,000 முழுவதும் நிற்க வேண்டியதில்லை. தகராறு இல்லாத 82,000 தொகையை முதலில் விடுவிக்கக் கேளுங்கள். சில நிறுவனங்களின் முறைப்படி ஒரு பில்லைப் பகுதியாகச் செலுத்த முடியாது. அப்படியானால் வேறுபாட்டுத் தொகைக்குக் கிரெடிட் நோட்டு போட்டு, மீதியை அனுமதிக்கச் சொல்லுங்கள். பெட்டிகள் உண்மையில் போய்ச் சேர்ந்தன என்று பிறகு நிரூபித்தால் அதற்குத் தனிப் பில் போட்டுக்கொள்ளலாம். 12,000-க்காக 2,80,000 பற்றிய பேச்சு திசைமாறிவிடக் கூடாது. பணம் தர மனமில்லாதவர்கள் பெரும்பாலும் சிறிய தகராறைத்தான் பெரிய பாக்கிக்குக் கேடயமாகப் பிடிப்பார்கள். கேட்டவுடன் தகராறைச் சொல்பவர் பெரும்பாலும் உண்மையானவர். கெடு முடிந்து இரண்டு மாதம் கழித்து, மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தரக்குறைவு பற்றிப் பேசத் தொடங்குபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பேசி முடித்த அன்றே ஒரு சிறிய மின்னஞ்சல் போக வேண்டும்: “இன்று பேசியதற்கு நன்றி. பில் 214, 1,86,000, ஆகஸ்ட் 7 அன்று வங்கி மூலம் அனுப்பப்படும் என்று சொன்னீர்கள். பில் 231-இல் 12,000 வேறுபாட்டுக்குச் சரக்குச் சீட்டை நாளை அனுப்புகிறேன், மீதி 82,000 தொகையையும் அதே பட்டியலில் சேர்க்க முயல்வதாகச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் தெரிவியுங்கள்.” தேதி, தொகை, வழி ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த படிக்கு நீங்கள் ஏறும்போது இந்தக் கடிதம்தான் ஆதாரம். பின்னாளில் சட்டப்படி போக நேர்ந்தாலும், பாக்கி இருப்பதை அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பதில் ஒன்று கையில் இருப்பது பெரிய பலம்.

ஆகஸ்ட் 8 காலை வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் வரவில்லை என்றால் இப்போது நீங்கள் புதிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இதுவரை இருந்தது தாமதம், இப்போது இருப்பது தவறிய வாக்கு. எத்தனை நாள் ஆயிற்று என்பதைவிட, சொன்ன தேதி தவறியதா என்பதை வைத்தே படி ஏற வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. 40 நாள் தாமதமானாலும் சொன்ன தேதிகளைக் காப்பாற்றிக்கொண்டே வருபவரை அதிகம் நெருக்க வேண்டியதில்லை. 15 நாளிலேயே இரண்டு முறை வாக்குத் தவறியவரிடம் படி ஏறத் தயங்கக் கூடாது. இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டால் உங்கள் கோபமோ பணமுடையோ முடிவெடுக்காது. அவர்களும் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்வது குறையும், ஏனென்றால் தேதி அவர்கள் சொன்னது.

மூன்றாம் படியில்தான் கொள்முதல் மேலாளர் வருகிறார். ஆனால் அவருக்கு நகல் போட்டு ஒரு கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள். அது கணக்குப் பிரிவில் இருப்பவரை மேலிடத்தில் போட்டுக்கொடுப்பதாகத் தெரியும், அந்த ஆளின் பகை இனி ஒவ்வொரு பில்லிலும் தெரியும். முதலில் கணக்குப் பிரிவுக்கே சொல்லுங்கள்: “நேற்று வர வேண்டியது வரவில்லை. உங்கள் பக்கம் என்ன தடை என்று தெரியவில்லை. கொள்முதல் மேலாளரிடம் இன்று மாலை பேசப்போகிறேன், ஒருவேளை அவரால் உங்களுக்கு உதவ முடியலாம்.” பல சமயம் இந்த ஒரு வரியிலேயே மாலைக்குள் பதில் வந்துவிடும். வராவிட்டால் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, உண்மைகளை மட்டும் சொல்லுங்கள்: எந்தப் பில், எவ்வளவு, என்ன தேதி சொன்னார்கள், என்ன நடந்தது. “உங்கள் ஆட்கள் ஏமாற்றுகிறார்கள்” என்ற தொனி வேண்டாம். அவரிடம் நீங்கள் கேட்பது உதவி. அவருக்கும் இதில் அக்கறை உண்டு, அடுத்த சரக்கு தடையில்லாமல் வர வேண்டுமே.

பேசிய பிறகு இருவருக்கும் சேர்த்து எழுதும் கடிதத்தில் புதிதாக ஒரு வாக்கியம் சேர்கிறது: “ஆகஸ்ட் 14-க்குள் 2,68,000 வரவில்லை என்றால், புதிய ஆர்டர்களை எங்கள் விதிப்படி நிறுத்தி வைக்க வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.” தகராறில் உள்ள 12,000 இதில் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களால் மறுக்க முடியாத தொகையை மட்டும் கேட்கும்போது, பதில் சொல்ல அவர்களுக்குச் சாக்கு கிடைக்காது.

இந்த நாட்களில் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பாக்கி கேட்கிறார்கள். தனிப்பட்ட முறையில் “மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிடுங்கள்” என்று ஒரு வரி அனுப்புவதில் தவறில்லை. ஆனால் சரக்கு வரத்துக்காக இரு நிறுவன ஆட்களும் சேர்ந்திருக்கும் குழுவில் பாக்கியைப் பற்றி ஒருபோதும் எழுதாதீர்கள். கிடங்கு ஊழியர், ஓட்டுநர் எல்லாரும் பார்க்கும் இடம் அது. பணம் வந்துவிடலாம், ஆனால் அந்த மேலாளர் அடுத்த ஆர்டரை வேறு இடத்தில் கொடுக்கக் காரணம் தேடுவார். அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்களிடமோ உங்கள் தொழிலில் உள்ள மற்றவர்களிடமோ சொல்லிக்காட்டுவதும் அப்படித்தான். அதில் சட்டச் சிக்கலும் உண்டு.

நான்காம் படி சரக்கு நிறுத்தம். உங்கள் தொழிலில் உங்கள் கையில் இருக்கும் வலுவான கருவி இதுதான், வழக்கறிஞர் கடிதத்தைவிட வலுவானது. அவர்களுக்குப் பெட்டி இல்லாமல் பொருள் வெளியே போகாது. வலுவானது என்பதாலேயே கவனமாகக் கையாள வேண்டும். உங்கள் விற்பனை நிபந்தனையில் அல்லது விலைப்புள்ளியில், பாக்கி இருந்தால் சரக்கை நிறுத்தும் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றுக்கொண்ட ஆர்டரை நடுவில் நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று அவர்கள் திருப்பிவிடலாம். அந்த உரிமை எழுத்தில் இல்லை என்றால், ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை முடித்துக்கொடுத்துவிட்டு, புதிய ஆர்டரை ஏற்காமல் இருப்பது பாதுகாப்பான வழி.

இந்தப் படியில் நீங்களே அவர்களுடைய உரிமையாளரிடமோ நிதித் தலைவரிடமோ பேச வேண்டும், கடிதம் அதன் பிறகு. பேச்சில் சொல்ல வேண்டியது இதுதான்: “உங்களோடு வியாபாரம் தொடர வேண்டும் என்றுதான் நேரில் பேசுகிறேன். ஆகஸ்ட் 14 கெடுவும் கடந்துவிட்டது. நாளை முதல் புதிய ஆர்டர்களை எடுக்க முடியாத நிலை. 2,68,000 வந்த அன்றே பழையபடி தொடங்கிவிடலாம். அதற்குள் அவசரமாகப் பெட்டி வேண்டுமென்றால் முன்பணம் அனுப்புங்கள், செய்து தருகிறேன்.” கதவை மூடாமல், உள்ளே வர என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறீர்கள். முன்பணத்துக்குச் சரக்கு என்ற வழியைத் திறந்து வைத்தால் அவர்களுடைய உற்பத்தி நிற்காது, உங்கள் பாக்கியும் வளராது. அவர்கள் வேறு பெட்டிக்காரரைத் தேடிப் போகும் கட்டாயமும் வராது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் விற்பனை ஆள் கெஞ்சியதால் வண்டியை அனுப்பிவிட்டால், அதுவரை ஏறிய எல்லாப் படிகளும் வீணாகும். உங்கள் அடுத்த கடிதம் அந்த மூன்று ‘அன்பான நினைவூட்டல்’களின் வரிசையில் நான்காவதாகப் போய்ச் சேரும். ஆகவே அறிவிப்பதற்கு முன்பே உங்கள் விற்பனை, கிடங்கு ஆட்களிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். செய்ய மனமில்லை என்றால் அறிவிக்கவே வேண்டாம், அதற்குப் பதிலாகப் பாக்கி வரம்பைக் குறையுங்கள். செய்யாத மிரட்டலைவிடச் சிறிய, செய்த நடவடிக்கை மேல்.

இந்தப் பேச்சில் அவர் “கையில் பணமே இல்லை” என்று உண்மையைச் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் நல்லதுதான், இப்போது திட்டம் போடலாம். நான்கு தவணையோ ஆறு தவணையோ, ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒன்று தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற ஒரு வரி, புதிய சரக்கு முன்பணத்துக்கு மட்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் போதும். சொல்லாமலே தெரிந்துகொள்ளவும் அடையாளங்கள் உண்டு. பில் தொகைக்குப் பொருந்தாமல் 50,000, 1,00,000 என்று முழுத் தொகையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதா? தேதி கேட்டால் “எங்களுக்கு வர வேண்டியது வந்ததும்” என்ற பதிலா? பணம் மெதுவாகிக்கொண்டே வர, ஆர்டர் மட்டும் பெரிதாகிறதா? கடைசியாகச் சொன்னதுதான் அபாயகரமானது. மற்ற சப்ளையர்கள் கடனை நிறுத்திவிட்டதால் எல்லாம் உங்கள் பக்கம் திரும்புகிறது என்று பொருள் கொள்ளலாம். அந்த நிலையில் படிகளுக்கு இடையே வார இடைவெளி விடுவதற்கு நேரம் இல்லை, சரக்கு நிறுத்தத்துக்கே நேராகப் போய்விடுங்கள்.

இறுதிக் கடிதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரிமையாளர் பெயருக்கு, பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் போக வேண்டும். பில் எண்கள், தொகை, அவர்கள் சொன்ன தேதிகள், கடைசிக் கெடு, அதற்குப் பிறகு நீங்கள் யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்பது மட்டும் இருக்கட்டும். உணர்ச்சி ஒரு வரிகூட வேண்டாம். “பல ஆண்டு நட்புக்கு இதுதான் மரியாதையா” என்ற வரியை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றினால் தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள். போலீஸ், ஊடகம் என்று பயமுறுத்துவது பல நாடுகளில் உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். கெடு முடிந்ததும் வழக்கறிஞரைப் பாருங்கள். பாக்கிக்கு வழக்குத் தொடர அநேகமாக எல்லா இடத்திலும் கால வரம்பு உண்டு, அது உங்கள் ஊர்ச் சட்டப்படி எவ்வளவு என்று அவர் சொல்வார்.

தாமத வட்டி பற்றிப் பலர் கேட்பார்கள். ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ இடம் இருந்தால் மூன்றாம் படியிலிருந்து கணக்குப் பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள். அதை வசூலிப்பது அரிது. ஆனால் “ஆகஸ்ட் 14-க்குள் அசல் வந்தால் வட்டியை விட்டுவிடுகிறேன்” என்று சொல்ல ஒரு சலுகை உங்கள் கையில் இருக்கும். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டியைத் திடீரெனச் சேர்த்தால் கணக்கே தகராறாகிவிடும். அதேபோல வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிக்கொண்டு அதை நினைவூட்டல் கடிதத்தில் அறிவிக்காதீர்கள். பாக்கிக் கடிதத்தில் புதிய வங்கிக் கணக்கு என்பது மோசடிக்காரர்களின் வழக்கமான உத்தி. விவரம் தெரிந்த கணக்குப் பிரிவு உடனே பணத்தை நிறுத்திவிடும், நியாயமாகவே.

நீங்களே முதலாளி, நீங்களே விற்பனை, நீங்களே கணக்கு என்றால் ஆளை மாற்றிப் படி ஏற முடியாது. அப்போது வழியை மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு தொலைபேசி, பிறகு நேர்ச் சந்திப்பு, பிறகு தபால். இல்லாத ‘கணக்குப் பிரிவு’ ஒன்றின் பெயரில் நீங்களே கடிதம் எழுதும் வித்தை வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டுவிடும்.

பணம் வந்ததும் அன்றே தடையை நீக்கி, திரையைப் பார்த்துத் தகவல் சொன்ன அந்தக் கணக்குப் பிரிவு ஆளுக்கு இரண்டு வரி நன்றி எழுதுங்கள். பழையதைக் குத்திக்காட்டாதீர்கள், ஆனால் நிபந்தனையை மாற்றுங்கள். இரண்டு பில் சேர்ந்து கெடு கடக்க விட்டதால்தானே தொகை இவ்வளவு வளர்ந்தது? இனி ஒரு பில் கெடு கடந்திருக்கும்போது அடுத்த ஆர்டருக்கு அச்சு ஏற்ற வேண்டாம், இதை அடுத்த விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள். பெரிய பில்களுக்குக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு விசாரிப்பு போகட்டும்: “பில் 252 உங்களிடம் வந்து சேர்ந்ததா, கொள்முதல் ஆணை எண்ணும் சரக்குச் சீட்டும் ஒத்துப்போகின்றனவா, எந்தப் பட்டியலில் வருகிறது?” கெடு வராத பில்லைப் பற்றி விசாரிப்பதால் இதில் யாருக்கும் கூச்சம் இல்லை. கிடங்கில் எண்ணிக்கை குறைவாகப் பதிவானது போன்றவை இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.